எத்தனை பாக்கெட் விற்றால் கட்டுப்படியாகும்?

பேக்கரி யூனிட் போட நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது, ஒரு பாக்கெட் பிரெட்டுக்கு என்ன லாபம் நிற்கும் என்பதைத்தான். அதற்குத் தனியாக ஒரு பதில் கிடையாது. நாளுக்கு 200 பாக்கெட் போடும்போது நட்டம் தரும் அதே பிரெட், 400 பாக்கெட் போடும்போது லாபம் தரும். மாவும் அதே மாவு, விலையும் அதே விலைதான். லாபமும் இல்லாமல் நட்டமும் இல்லாமல் வரவும் செலவும் சரியாக நிற்கும் ஓர் எண்ணிக்கை இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிறது. லாப நட்டமற்ற புள்ளி என்று கணக்கியல் சொல்லும் அந்த எண்ணை அடுப்பு வாங்குவதற்கு முன்பே காகிதத்தில் போட்டுப் பார்த்துவிடலாம்.

சிறிய ஊரில், கடைகளுக்கு லைன் வண்டியில் பிரெட் போடும் ஒரு யூனிட்டை வைத்துக் கணக்கிடுவோம். விலைகள் ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும். இங்கே வரும் தொகைகளை எடுத்துவிட்டு உங்கள் ஊர் விலையை வைத்துக்கொள்ளலாம். கணக்குப் போடும் முறை மாறாது.

400 கிராம் பிரெட். கவரில் அச்சிட்ட விலை 40 ரூபாய். கடைக்காரருக்கு 8 ரூபாய் கழிவு போனால், யூனிட்டுக்கு வந்து சேர்வது 32 ரூபாய். கணக்கில் விற்பனை விலை என்று எழுத வேண்டியது இந்த 32-ஐத்தான். அச்சிட்ட விலையை எழுதிவிட்டால் அதற்குப் பிறகு போடும் கணக்கு முழுவதும் தப்பாகிவிடும். எவ்வளவு தப்பாகும் என்பதைச் சற்றுப் பொறுத்துப் பார்ப்போம்.

அடுத்து, ஒவ்வொரு பாக்கெட்டோடும் கூடவே போகும் செலவு. 260 கிராம் மைதா, கிலோ 40 ரூபாய் என்றால் 10 ரூபாய் 40 காசு. சர்க்கரை, வனஸ்பதி, ஈஸ்ட், உப்பு எல்லாம் சேர்த்து 4 ரூபாய் 60 காசு. கவர் ஒன்றரை ரூபாய். பிரெட்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்பதால், கவர் வாங்கும்போது கட்டிய வரியைத் திரும்பக் கழித்துக்கொள்ளவும் வழியில்லை. அந்த வரியும் சேர்ந்ததுதான் கவரின் விலை. வேகவைக்கும் எரிபொருள் 2 ரூபாய், லைன் வண்டிக்குப் பாக்கெட் கணக்கில் தரும் கூலி ஒன்றரை ரூபாய். மொத்தம் 20 ரூபாய். இது மாறும் செலவு: பிரெட் போடாவிட்டால் இந்தச் செலவு இல்லை.

32-இல் 20 போக 12 ரூபாய் மிஞ்சுகிறது. பலரும் இதையே லாபம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் இது வாடகைக்கும் சம்பளத்துக்கும் போய்ச் சேர வேண்டிய பணம். அவை தீர்ந்த பிறகுதான் லாபம் என்ற பேச்சு வரும்.

வாடகை, சம்பளம் போன்றவை பிரெட் போட்டாலும் போடாவிட்டாலும் மாதம் பிறந்தால் வந்து நிற்கும் நிலையான செலவுகள். வாடகை 15,000. மாஸ்டர், உதவி மாஸ்டர், கையாள் மூவருக்கும் 48,000. மின்சாரம் 4,000. பழுதுபார்ப்பும் சில்லறைச் செலவும் 3,000. அடுப்புக்கும் மாவு பிசையும் மிக்ஸருக்கும் வாங்கிய கடனின் தவணை 14,000. கடன் இல்லாதவர் தவணைக்குப் பதிலாக இயந்திரத் தேய்மானத்தை எழுதலாம். இரண்டையும் சேர்த்து எழுதினால் ஒரே செலவை இருமுறை எழுதியதாகிவிடும்.

இந்தப் பட்டியலில் வழக்கமாக விட்டுப்போவது இரண்டு. முதலாவது, ஆறிக் கிடக்கும் அடுப்பைச் சூடேற்றும் எரிபொருள். 100 பாக்கெட் போட்டாலும் 400 போட்டாலும் முதல் டிரே உள்ளே போவதற்கு முன் அடுப்பு அதே சூட்டுக்கு வந்தாக வேண்டும். எனவே எரிபொருளில் இந்தப் பகுதி மட்டும் நிலையான செலவோடு சேரும்; மாதம் 4,000 என்று வைப்போம். இரண்டாவது, முதலாளியின் சம்பளம். நள்ளிரவில் எழுந்து மாவு நிறுத்துக் கொடுத்து, காலையில் வசூலுக்கும் போகிறவரின் உழைப்புக்கு 20,000 ரூபாயாவது எழுத வேண்டும். எழுதாமல் விட்டால், கணக்கில் லாபம் என்று தெரிவதில் பாதி அவருடைய சொந்தக் கூலியாக இருக்கும்.

எல்லாம் சேர்த்தால் மாதம் 1,08,000 ரூபாய். பாக்கெட்டுக்கு 12 ரூபாய் வீதம் இதை அடைக்க 9,000 பாக்கெட் போக வேண்டும், நாளுக்கு 300. முதலாளி சம்பளத்தை விட்டவருக்கு 245 போதும் என்று தோன்றும். 32-க்குப் பதிலாக 40 என்று எழுதியவருக்கோ 180-லேயே கட்டுப்படியாவது போல் தெரியும். 180-ஐ நம்பி இறங்கியவர் 250 பாக்கெட் விற்றுக்கொண்டே கடனாளி ஆவார், எங்கே ஓட்டை என்று புரியாமலே.

இந்த 300-உம் முழு உண்மை அல்ல. ரிட்டர்ன் இன்னும் கணக்கில் வரவில்லை. விற்காத பாக்கெட்டை மறுமுறை வரும் வண்டியிலேயே கடைக்காரர் திருப்பிக் கொடுத்துவிடுவது இந்தத் தொழிலின் வழக்கம். நாள் கடந்து திரும்பி வந்த பிரெட்டை மறுபடி விற்க முடியாது, விற்கவும் கூடாது. அதற்குச் செலவான 20 ரூபாய் முழுதாகப் போனதுதான்.

நூற்றுக்குப் பத்து திரும்பி வருவதாக வைப்போம். 100 பாக்கெட் போடச் செலவு 2,000. பணம் வருவது 90-க்குத்தான்: 2,880. மிஞ்சுவது 880, அதாவது போட்ட ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் 12 அல்ல, 8 ரூபாய் 80 காசு. 1,08,000-ஐ இதனால் வகுத்தால் மாதம் 12,273 பாக்கெட் வருகிறது. நாளுக்கு ஏறக்குறைய 409.

அடுப்பில் ஒரு முறைக்கு 80 பாக்கெட் வேகும், விடிவதற்குள் ஐந்து முறை போடலாம் என்றால், இந்த யூனிட்டால் முடிந்தது நாளுக்கு 400-தான். அடுப்பு முழுத் திறனில் எரிந்தாலும், கொண்டுபோன எல்லாவற்றையும் கடைகள் இறக்கிக்கொண்டாலும், மாதக் கடைசியில் கை கடிக்கும். ஆறாவது ஈடு போடலாம் என்றால் இன்னொரு ஆள் வேண்டும். நிலையான செலவு ஏறி, புள்ளியும் இன்னும் தள்ளிப் போகும். இந்த நிலைமையில் ஆர்டரைப் பெருக்கு என்று சொல்வது தவறான யோசனை. ரிட்டர்னை ஐந்து சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் அதே யூனிட்டுக்கு 346 போதும், 400-க்குள் வந்துவிடுகிறது.

அதற்குக் கடைவாரியாக ஒரு நோட்டு வேண்டும்: கொடுத்தது எவ்வளவு, திரும்பியது எவ்வளவு. ஒரு கடை தினம் 20 பாக்கெட் எடுத்து 5 திருப்புகிறது. பெரிய ஆர்டர் என்று வண்டிக்காரருக்கும் பிடித்த கடை. 15 பாக்கெட்டுக்கு வருவது 480, செலவு 400, நிற்பது 80 ரூபாய். அதே கடைக்கு 16 கொடுத்து ஒன்று திரும்பினால், வரவு அதே 480, செலவு 320, நிற்பது 160. விற்பனை ஒரு பாக்கெட்கூடக் கூடவில்லை, மிச்சம் இரட்டிப்பானது.

அதற்காகக் கையை மிகவும் இறுக்கிக்கொண்டு, கேட்டவருக்குப் பிரெட் இல்லாமல் போனாலும் இழப்புதான், ஒரு பாக்கெட்டுக்கு 12 ரூபாய். திரும்பி வந்தால் இழப்பு 20. எட்டு நாளில் ஐந்து நாள் விற்று மூன்று நாள் திரும்பும் பாக்கெட், 60 ரூபாய் கொடுத்து 60 ரூபாய் எடுத்துக்கொள்கிறது. ஒரு கடைக்குக் கூடுதலாக இன்னொரு பாக்கெட் இறக்கலாமா என்பதற்கு அளவு அங்கேயே இருக்கிறது: எட்டில் ஐந்துக்கு மேல் விற்றால் இறக்கலாம், குறைந்தால் வண்டியில் ஏற்ற வேண்டியதில்லை.