உஷார்! டிக் போட்ட அறையிலும் மூட்டைப்பூச்சி இருக்கும்

பௌர்ணமி நெருங்குகிறது. திருவண்ணாமலையில் சின்ன லாட்ஜ் நடத்துபவர்களே, உஷார்! கிரிவலம் முடித்த குடும்பம் விடியற்காலையில் அறையைக் காலி செய்யும்போதே, அடுத்த குடும்பம் பையும் கையுமாக ரிசப்ஷனில் நிற்கும். அந்த அவசரத்தில் ரூம் பாய் வாசலில் நின்றபடியே பெட்ஷீட், டவல், சோப்பு, கீசர் என்று எல்லாவற்றுக்கும் டிக் போட்டுவிடுவார். வினையே அங்கேதான்.

பழைய விரிப்பை உருவியதும் புதியதை விரித்துவிடாதீர்கள். டார்ச் அடித்து மெத்தையின் தையல் ஓரங்களையும், தலைமாட்டுப் பலகையின் பின்புறத்தையும் பாருங்கள். பேனா முனையால் குத்தியதுபோலக் கரும்புள்ளிகள் தெரிந்தால் ஈரத்துணியால் தேயுங்கள். கறை பரவினால் அநேகமாக மூட்டைப்பூச்சியின் எச்சம்தான். அறையைப் பூட்டிவிடுங்கள், வாடகை போனால் போகட்டும். ஒருமுறை மருந்தடித்தால் போதாது. முட்டைகள் தப்பிப் பொரிக்கும் என்பதால், இரண்டு வாரத்துக்குள் மறுபடி அடிக்க வேண்டியிருக்கும். அந்த விரிப்பை வராந்தாவில் உதறக் கூடாது. அறைக்குள்ளேயே பாலிதீன் பையில் கட்டி, 60 டிகிரி வெந்நீர்ச் சலவைக்குத் தனியாக அனுப்புங்கள். மற்ற அழுக்குத் துணியோடு ஒரே மூட்டையாகக் கட்டினால், பக்கத்து அறைக்குப் பூச்சியைக் கொண்டுபோய் விடுவது நாமேதான்.

விரிப்புக் கணக்கிலும் ஒரு கண் வையுங்கள். 12 அறை, அறைக்கு 2 கட்டில் என்றால் ஒரு செட் 24. கட்டிலில் ஒன்று, சலவையில் ஒன்று, அலமாரியில் ஒன்று என 72 வேண்டும். 48-ஐ வைத்து ஓட்டுபவர், ஒரே நாளில் இரண்டு முறை அறை மாறினால் மாட்டிக்கொள்வார். அன்று மழையும் பெய்து சலவை வரவில்லை என்றால், பழைய விரிப்பைத் திருப்பிப் போடும் திருட்டுத்தனம் தொடங்கும். அரைகுறையாகக் காய்ந்த டவலையும் அப்போதுதான் மடித்து வைப்பார்கள். பிரித்து முகர்ந்து பார்த்தால் தெரிந்துவிடும். சோப்பு, ஷாம்பு விஷயத்தில் யோசிக்கவே வேண்டாம், பிரித்தது எல்லாம் குப்பைக்கு.

கீசரில் மட்டும் விளையாடாதீர்கள். “குழாயைத் தொட்டா சுர்ருங்குது” என்று விருந்தாளி சொன்னால், நீங்களும் தொட்டுப் பார்க்கப் போகாதீர்கள். அந்த அறையின் மின்சாரத்தை மெயினில் நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். போர்டில் எம்.சி.பி. இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பவர்கள் பலர். அது ஓவர்லோடுக்கும் ஷார்ட் சர்க்யூட்டுக்கும்தான் விழும். ஆளைத் தாக்கும் சிறு கசிவுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வேண்டும். அதில் உள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். சுவிட்ச் உடனே கீழே விழ வேண்டும். விழாவிட்டால் அதை மாற்றும்வரை கீசர் வேண்டாம், பக்கெட்டில் வெந்நீர் கொடுங்கள்.

கடைசியாக பாத்ரூம் தாழ்ப்பாள். அதை உள்ளேயிருந்து போட்டுத் திறந்து பார்த்துவிட்டே டிக் போடச் சொல்லுங்கள். சோதிக்கும்போது இன்னொருவர் வெளியே நிற்கட்டும்.