கதை கேட்க வாங்க: கிளை நூலக வாசலில் ஓர் அறிவிப்பு

வார இறுதியில் குழந்தைகளுக்குக் கதை சொல்ல ஒரு கிளை நூலகம் முடிவெடுத்தால், வாசலில் ஒட்டும் தாள் இப்படி இருக்கலாம்:

குட்டிகளுக்குக் கதை நேரம்
கிழமை: [கிழமை] (நூலக விடுமுறை நாள் நீங்கலாக)
நேரம்: [தொடங்கும் நேரம்] முதல் [முடியும் நேரம்] வரை
வயது: 3 முதல் 6 வரை
பெரியவர் ஒருவர் உடன் இருக்க வேண்டும்.
கட்டணம் இல்லை. உறுப்பினர் அல்லாதவர்களும் வரலாம்.
உறுப்பினர் படிவம் நூலகரிடம் கிடைக்கும்.

கிழமையை நிரப்பும்முன் காலண்டரைப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டின் கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமையோடு மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமையும் விடுமுறை. ‘சனிக்கிழமைதோறும்’ என்று மட்டும் எழுதிவிட்டால், மாதத்தில் ஒரு வாரம் குழந்தைகள் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புவார்கள். ஒருமுறை ஏமாந்த பிள்ளையை மறுபடி கிளப்பிக் கூட்டிவருவது பெற்றோருக்குப் பெரும்பாடு. ஞாயிறு என்றால் இந்தச் சிக்கலே இல்லை.

வயது வரம்புக்கும் காரணம் உண்டு. மூன்று வயதுக் குழந்தைக்குப் படமும் ஓசையும் வேண்டும். எட்டு வயதுப் பிள்ளைக்கு அடுத்து என்ன நடக்கும் என்ற பரபரப்பு வேண்டும். இருவரையும் ஒன்றாக உட்காரவைத்தால் சின்னது எழுந்து ஓடும், பெரியது சலித்துப்போகும். பெரியவர் உடன் இருக்கச் சொல்வது, பல கிளை நூலகங்களில் நூலகர் ஒருவரே எல்லா வேலையையும் பார்ப்பதால்தான். கதைக்கு நடுவே ஒரு குழந்தை அழுதாலோ, கழிப்பறைக்குப் போகவேண்டும் என்றாலோ அவரால் எழுந்து போக முடியாது.

ஒரு மணி நேரமும் கதையே சொன்னால் இந்த வயதினர் தாங்கமாட்டார்கள். முதல் பத்து நிமிடம் பாட்டும் கைதட்டலும். தாமதமாக வருகிறவர்கள் அதற்குள் வந்து சேர்ந்துவிடுவார்கள். பிறகு, எல்லோருக்கும் தெரிந்த ஒரு கதை. வடை சுட்ட பாட்டியும் காக்காவும் நரியும் இதற்கு நல்ல பொருத்தம். காக்கா வரும் இடத்திலெல்லாம் குழந்தைகளே ‘கா... கா...’ என்று கத்துவார்கள். கூச்சத்தோடு அம்மா மடியில் ஒண்டியிருக்கும் குழந்தையும் மூன்றாவது ‘கா’வில் சேர்ந்துகொள்ளும்.

அடுத்ததாக ஒரு படப் புத்தகம். கதை சொல்பவர் அதைத் தோள் உயரத்தில் பக்கவாட்டில் பிடித்து, ஓரக்கண்ணால் வாசிக்க வேண்டும். பக்கம் புரட்டும்முன் படத்தை இந்தக் கோடி முதல் அந்தக் கோடிவரை மெல்லக் காட்ட வேண்டும். பின்வரிசைப் பிள்ளைகள் முட்டிபோட்டு எழுந்தால் படம் தெரியவில்லை என்று பொருள். பாயின் நாரை இழுக்கத் தொடங்கினால் கதை நீண்டுவிட்டது. அங்கேயே சுருக்கி முடித்துவிடலாம்.

கடைசிக் கால் மணி நேரம், கேட்ட கதையை வரைவதற்கும் பாயில் பரப்பிய புத்தகங்களைப் புரட்டுவதற்கும். பிள்ளை ஒரு புத்தகத்தை விடமாட்டேன் என்று பிடித்துக்கொள்ளும் அந்த நேரத்தில்தான் பெற்றோர் உறுப்பினர் படிவம் கேட்பார்கள். அறிவிப்பின் கடைசி வரி அவர்களுக்காகத்தான்.