பாஸ்வேர்டு சரிதான், பழசானது பிரவுசர்

டெல்லி ஆர்.கே.புரத்தில் ஓய்வுபெற்ற அரசு ஊழியர் ஒருவரிடம் பழைய விண்டோஸ் 7 கம்ப்யூட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வங்கியின் முகப்புப் பக்கம் திறக்கிறது. 'லாகின்' பொத்தானை அழுத்தினால் வெள்ளைத் திரைதான். மகனின் புது லேப்டாப்பில் அதே கணக்கு உடனே திறக்கிறது. பெரியவர் பாஸ்வேர்டை மாற்றப் பார்க்கிறார். அது வீண் வேலை, ஏனென்றால் அவருடைய பாஸ்வேர்டு வங்கியைப் போய்ச் சேரவே இல்லை.

நாம் எதையும் அனுப்புவதற்கு முன்பே பிரவுசரும் வங்கியின் சர்வரும் எந்த ரகசிய முறையில் பேசுவது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த ஏற்பாட்டின் பெயர் டி.எல்.எஸ். 1999-இல் வந்த 1.0 பதிப்பிலும் 2006-இல் வந்த 1.1-லும் பலவீனங்கள் தெரிந்ததால், 2020-இல் பெரிய பிரவுசர்கள் அவற்றைக் கைவிடத் தொடங்கின. 2021 மார்ச்சில் இணையத் தர அமைப்பே அவற்றைக் காலாவதியாக்கிவிட்டது. இன்று வங்கிகள் குறைந்தது 1.2 கேட்கின்றன. முகப்புப் பக்கமும் லாகின் பக்கமும் வெவ்வேறு சர்வரில் இருந்தால் ஒன்று திறந்து மற்றொன்று திறக்காமல் போகலாம்.

கண்டுபிடிப்பது எளிது. 'தவறான பாஸ்வேர்டு' என்று வங்கியே சொன்னால் கோளாறு வேறு. ERR_SSL_VERSION_OR_CIPHER_MISMATCH என்றோ, "Turn on TLS 1.0, TLS 1.1, and TLS 1.2" என்றோ திரையில் வந்தால், பெரும்பாலும் இந்த டி.எல்.எஸ். சிக்கல்தான்.

விண்டோஸ் 7-இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரரின் பழைய பதிப்புகளில் 1.2 உண்டு, ஆனால் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். Internet Options-இல் Advanced பக்கத்துக்குப் போய் Use TLS 1.2-ஐ டிக் செய்தால் வழி திறக்கலாம். விண்டோஸ் எக்ஸ்பியோடு வந்த எக்ஸ்புளோரரில் அந்த வசதியே இல்லை. குரோம் 109 விண்டோஸ் 7-இல் ஓடும் கடைசி குரோம். அதில் லாகின் வேலை செய்யக்கூடும். ஆனால் விண்டோஸ் 7-க்கான பொது ஆதரவு 2020 ஜனவரி 14-லேயே முடிந்துவிட்டது. லாகின் வேலை செய்வதால் மட்டும் அந்தக் கம்ப்யூட்டர் பணப் பரிமாற்றத்துக்கு ஏற்றதாகிவிடாது. நம்பகமான வேறு கருவியையோ வங்கிக் கிளையையோ நாடுவதே நல்லது.

பழைய பிரவுசருக்காகப் பாதுகாப்பைத் தளர்த்தும்படி வங்கியைக் கேட்க முடியாது, கேட்கவும் கூடாது. ஆனால் உங்கள் வேலையை வேறு வழியில் முடித்துத் தரும்படி எழுத்தில் கேளுங்கள். சேவைக் குறை பற்றிய புகாருக்கு 30 நாளில் பதில் வராவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in வழியாக முறையிடலாம்.

எனக்குக் கவலை தருவது இன்னொன்று. லாகின் ஆகாத பதற்றத்தில் பலர் 'கஸ்டமர் கேர்' எண்ணை இணையத்தில் தேடுகிறார்கள். அங்கே மோசடிக்காரர்களும் போலி எண்களைப் போட்டு வைத்திருக்கிறார்கள். "சரிசெய்து தருகிறேன்" என்று சொல்லித் திரையைப் பகிரும் செயலியை நிறுவச் சொல்வார்கள், ஓ.டி.பி. கேட்பார்கள். எண்ணை பாஸ்புக்கிலோ கார்டின் பின்புறத்திலோ பார்த்தே அழையுங்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 சுற்றறிக்கையில் வகுத்த விதிப்படி, ஓ.டி.பி.யை நாமே கொடுத்துவிட்டால் வங்கிக்குத் தெரிவிக்கும்வரை போன பணம் நம் பொறுப்பு. தெரிவித்த பிறகு போவது வங்கியின் பொறுப்பு. ஆகவே பணம் போனது தெரிந்த நிமிடமே வங்கிக்கும் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கும் அழையுங்கள். புகார் எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.