பத்துக்கு இன்னும் எத்தனை?

என் தங்கை மகளுக்கு ஆறு வயது, ஒன்றாம் வகுப்பு. விடுமுறைக்கு வந்திருந்தவளிடம் ஒரு மாலை, "கூடையில ஆறு மாம்பழம் இருக்கு. பத்தாகணும்னா இன்னும் எத்தனை வேணும்?" என்று கேட்டேன். விரல்களை மடக்கத் தொடங்கினாள். "ஆறு, ஏழு, எட்டு, ஒம்பது, பத்து." மடங்கிய விரல்களைப் பார்த்துவிட்டு, "அஞ்சு, பெரியம்மா" என்றாள்.

எண்களின் வரிசையில் அவள் எங்கும் தடுமாறவில்லை. கூடையில் ஏற்கெனவே இருக்கிற ஆறாவது பழத்துக்கும் ஒரு விரலை மடக்கிவிட்டாள், அவ்வளவுதான். ஒரு குழந்தையின் பதில் அடிக்கடி ஒன்று கூடுதலாகவே வருகிறதென்றால், பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும். "ஆறை விட்டுட்டு ஏழிலிருந்து எண்ணு" என்று சொல்லிக் கொடுத்தால் அன்றைக்குச் சரியாகிவிடும், மறுநாள் மறந்துவிடும். எண்ணாமலே 6 என்றதும் 4 கண்ணில் தெரிய வேண்டும். அதற்குப் பத்துப் புளியங்கொட்டையும் ஒரு பகடையும் போதும்.

முதலில் தரையில் சாக்பீஸால் பத்துக் கட்டம் போட்டேன். மேல் வரிசையில் 5, கீழ் வரிசையில் 5. கட்டத்துக்கு ஒரு கொட்டை வீதம், மேல் வரிசையை இடமிருந்து நிரப்பிய பிறகே கீழே இறங்க வேண்டும் என்பது விதி. 6 கொட்டை வைத்தால் மேல் வரிசை முழுக்க நிறைந்து, கீழே ஒன்று உட்காரும். மிச்சம் 4 வெறும் கட்டங்கள். கொட்டைகளை வாரியிறைத்து வைத்தால் குழந்தைக்கு எண்ணுவதைத் தவிர வழியில்லை. கட்டத்துக்குள் வைத்தால் இருப்பதும் இல்லாததும் ஒரே பார்வையில் தெரிகின்றன.

இனி பகடை. உருட்டி விழுந்த எண்ணிக்கைக்குக் கொட்டைகளை அடுக்க வேண்டும். பிறகு கட்டங்களைத் தொடாமல், "பத்துக்கு இன்னும் எத்தனை?" என்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் அத்தனை கொட்டைகளை எடுத்து வெறும் கட்டங்களில் வைத்துப் பார்க்கலாம். சரியாக நிரம்பினால் ஒரு புள்ளி. அடுத்த ஆட்டம் எதிராளிக்கு. பதில் சரியா தவறா என்று பெரியவர்கள் சொல்லவே வேண்டாம், கட்டமே சொல்லிவிடும்.

அவளுக்கு முதலில் 4 விழுந்தது. மேல் வரிசையில் நான்கு கொட்டைகள், ஓரத்தில் ஒரு கட்டம் காலி. கொஞ்ச நேரம் பார்த்தாள். விரல் மடங்கவில்லை. "மேல ஒண்ணு, கீழ அஞ்சு. ஆறு!" ஐந்தை ஒரு மொத்தமாகப் பார்க்கக் கற்றுவிட்டாள் என்பது அந்தப் பதிலிலேயே தெரிந்தது.

பகடை ஒன்றே போதும். இரண்டு உருட்டிக் கூட்டினால் 7 அதிகமாக விழும், 11, 12 வந்தால் பத்தையே தாண்டிவிடும். ஒரே பகடையில் 1 விழுந்தால் 9, 2 விழுந்தால் 8, 3 விழுந்தால் 7 என்று எல்லாச் சோடிகளும் தாராளமாக வந்து போகும். ஒரு குறை உண்டு. 6-க்கு மேல் பகடையில் கிடையாது என்பதால், மூன்றுக்கு ஏழு என்று பழகிய குழந்தையிடம் "ஏழுக்கு?" என்று திருப்பிக் கேட்டால் திகைக்கும். இரண்டு மூன்று நாள் ஆனதும், பகடையின் முகங்களில் துண்டுத் தாள் ஒட்டி, 4 முதல் 9 வரை எழுதிக்கொள்ளுங்கள். ஆட்டம் அதேதான், பார்க்கும் பக்கம் மாறிவிடும்.

இரண்டாவது விளையாட்டுக்கு நம் வீட்டுப் பெரியவர்களே வழி காட்டியிருக்கிறார்கள். தாயம் ஆடப் புளியங்கொட்டையின் ஒரு பக்கத்தைக் கல்லில் தேய்த்து வெள்ளையாக்குவார்களே, அப்படிப் பத்துக் கொட்டைகளைத் தேய்த்துக்கொள்ளுங்கள். குழந்தை இரண்டு கையிலும் குலுக்கி வீசட்டும். வெள்ளை எத்தனை, கறுப்பு எத்தனை? 6 வெள்ளை என்றால் கறுப்பை எண்ணாமல் சொல்ல வேண்டும். எப்படி வீசினாலும் மொத்தம் பத்துதான் என்பதை நம்பச் சில குழந்தைகளுக்குப் பல வீச்சுகள் ஆகும். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து பத்தையும் எண்ணிப் பார்ப்பார்கள். எண்ணட்டும். அந்த நம்பிக்கை வந்த பிறகுதான் சோடி மனதில் நிற்கும்.

இந்த வீச்சிலும் ஒரு குணம் இருக்கிறது. கொட்டை இரு பக்கமும் சமமாக விழும் என்று வைத்துக் கணக்குப் போட்டால், மூன்று வீச்சில் ஏறக்குறைய இரண்டில் வெள்ளை 4, 5, 6 என்றுதான் வரும். 9-ம் 1-ம் சேர்ந்த சோடி சுமார் 50 வீச்சுக்கு ஒருமுறைதான் தலைகாட்டும். பத்தும் ஒரே நிறமாக விழுவது 500 வீச்சுக்கு ஒருமுறை. ஆகவே வீச்சை மட்டும் ஆடும் குழந்தைக்கு 4, 6-ம் 5, 5-ம் தலைகீழ்ப் பாடமாகிவிடும், 9, 1 சரியாகப் பழகியிருக்காது. ஓரத்துச் சோடிகளைப் பகடை கொண்டுவரும். இரண்டையும் மாற்றி மாற்றி ஆட வேண்டியதற்குக் காரணம் இதுதான். 10-க்கு 0 என்பது மட்டும் பகடையில் விழாது. கட்டம் முழுக்க நிறைந்திருக்கும்போது "இன்னும் எத்தனை?" என்று நாமே கேட்டுவிட வேண்டும்.

மூன்றாவது, ஒளித்து வைப்பது. பத்துக் கொட்டைகளை ஒன்றாக எண்ணிக் காட்டிவிட்டு, குழந்தையைக் கண்மூடச் சொல்லி, சிலவற்றைக் கொட்டாங்கச்சியால் மூடுங்கள். வெளியே 7 இருக்கிறது, உள்ளே எத்தனை? இப்போது பார்க்க வெறும் கட்டமும் இல்லை, மனதில் இருக்கும் கட்டம்தான். இங்கே திணறினால் சலித்துக்கொள்ளாமல் இரண்டு நாள் சாக்பீஸ் கட்டத்துக்குத் திரும்பிவிடுங்கள். நாளைக்குப் பத்து நிமிடம் ஆடினால் போதும், அலுப்புத் தட்டுவதற்குள் எடுத்து வைத்துவிட வேண்டும். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் புளியங்கொட்டை வாய்க்கும் மூக்குக்கும் போகும். தவழும் பிள்ளை தூங்கும் நேரம் பார்த்து ஆடுங்கள், ஆட்டம் முடிந்ததும் பத்தையும் எண்ணி எடுத்து வையுங்கள்.

சோடி கைவந்துவிட்டதா என்று பதிலை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. உதடும் விரலும் அசைகின்றனவா என்று பாருங்கள். இரண்டு மூன்று நொடிக்குள், எண்ணாமல், மூன்றுக்கு ஏழு என்றும் ஏழுக்கு மூன்று என்றும் இரு பக்கமும் பதில் வந்தால் அடுத்த படிக்குப் போகலாம்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், "எட்டும் அஞ்சும் எவ்வளவு?" என்று அவளைக் கேட்டேன். பத்துக் கட்டத்தில் எட்டு கொட்டைகளை அடுக்கினாள். இன்னும் ஐந்தைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டு கட்டத்தைப் பார்த்தாள். இரண்டு காலி. ஐந்திலிருந்து இரண்டை எடுத்து அங்கே வைத்தாள். வெளியே மூன்று மிச்சம். "இங்க பத்து, இங்க மூணு. பதிமூணு" என்றாள். விரல்கள் மடியிலேயே இருந்தன.