விலை 101.20, கொடுத்தது 103.71: பத்திர ஸ்டேட்மென்ட்டைச் சரிபார்க்கும் வழி

அரசுக் கடன் பத்திரத்தை முதன்முதலாக இரண்டாம் நிலைச் சந்தையில் வாங்குபவர்களைக் குழப்புவது ஒரே விஷயம்தான். திரையில் விலை 101 ரூபாய் 20 காசு என்று இருந்தது. ஒரு லட்ச ரூபாய் முகமதிப்புக்கு வாங்கினார்கள். அப்படியானால் 1,01,200 ரூபாய் போக வேண்டும். ஆனால் வங்கிக் கணக்கிலிருந்து போனது 1,03,713 ரூபாய். கூடுதலாகப் போன 2,513 ரூபாய் தரகா, வரியா, வேறு ஏதாவது கட்டணமா?

எதுவும் இல்லை. ஸ்டேட்மென்ட்டில் ‘அக்ரூட் இன்ட்ரஸ்ட்’ என்ற தலைப்பில் அது தனி வரியாக இருக்கும். விற்றவருக்குச் சேர வேண்டிய வட்டி அது. சரியான தொகைதானா என்று பார்க்கப் பள்ளிக்கூடக் கணக்கு போதும். அதைப் போட்டுப் பார்க்கும் வழக்கம் முதலீட்டாளர்களிடம் மிகக் குறைவு என்பதுதான் என் ஆதங்கம்.

உண்மையான பத்திரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 7.18% ஜிஎஸ் 2033 என்று சந்தையில் அழைக்கப்படும் மத்திய அரசுப் பத்திரம் 2033 ஆகஸ்ட் 14 அன்று முதிர்வடைகிறது. வட்டி ஆண்டுக்கு இரண்டு முறை, பிப்ரவரி 14-லும் ஆகஸ்ட் 14-லும் வரும். ஒரு லட்சத்துக்கு ஆண்டு வட்டி 7,180 ரூபாய் என்பதால் ஒவ்வொரு தவணையும் 3,590 ரூபாய். இதை ஒருவர் 2024 ஜூன் 19, புதன்கிழமை வாங்கினார், விலை 101.20 என்று வைத்துக்கொள்வோம். அரசுப் பத்திரங்களில் பணமும் பத்திரமும் கைமாறுவது வழக்கமாக அடுத்த வேலை நாளில். ஆக, செட்டில்மென்ட் தேதி ஜூன் 20.

ஆகஸ்ட் 14 அன்று தவணை வட்டி 3,590 ரூபாய் முழுதாக வாங்கியவரின் கணக்குக்குத்தான் வரும். ரிசர்வ் வங்கி அதைப் பழைய உரிமையாளருக்குப் பாதி, புதியவருக்குப் பாதி என்று பிரித்துத் தராது. ஆனால் பிப்ரவரி 14 முதல் ஜூன் 20 வரை பத்திரத்தை வைத்திருந்தவர் விற்றவர். அந்த நாட்களின் வட்டி அவருடையது. எனவே வாங்குபவர் அதைக் கைமாறும் நாளிலேயே கொடுத்துவிடுகிறார். குடித்தனக்காரர் இருக்கும் வீட்டை மாத நடுவில் விற்றால், அதுவரைக்குமான வாடகையை வாங்குபவரிடம் கணக்குப் பார்த்து வாங்கிக்கொள்வார்களே, அதே முறைதான்.

இனி கணக்கு. இந்திய அரசின் கூப்பன் பத்திரங்களுக்கு ஒவ்வொரு மாதமும் 30 நாள், ஆண்டு 360 நாள் என்பது சந்தை மரபு. பிப்ரவரி 14-லிருந்து ஜூன் 14 வரை நான்கு மாதம், அதாவது 120 நாள். ஜூன் 20 வரை இன்னும் 6. மொத்தம் 126 நாள். கடைசிக் கூப்பன் தேதி கணக்கில் வரும், செட்டில்மென்ட் தேதி வராது. எக்செல் தெரிந்தவர்கள் இப்படிப் போடலாம்:

```
=DAYS360(DATE(2024,2,14),DATE(2024,6,20))
=100000*7.18%*126/360
```

முதல் வரி 126 என்றும் இரண்டாம் வரி 2513 என்றும் காட்டும். ஸ்டேட்மென்ட்டில் இருப்பதும் அதே எண். நூறு ரூபாய்க்கு என்று பார்த்தால் 2.513. வட்டி சேராத விலை 101.20, இதுதான் கிளீன் பிரைஸ். அதோடு 2.513 சேர்த்தால் 103.713, இது டர்ட்டி பிரைஸ். உங்கள் கணக்கிலிருந்து போவது எப்போதும் இரண்டாவதுதான்.

சந்தை ஏன் முழு விலையையே சொல்லாமல் வட்டியைக் கழித்துச் சொல்கிறது? இந்தப் பத்திரத்தில் ஒரு லட்சத்துக்கு நாளொன்றுக்கு 19 ரூபாய் 94 காசு வட்டி சேர்கிறது. முழு விலையைச் சொன்னால் சந்தையில் எதுவுமே நடக்காத நாளிலும் விலை ஏறியதுபோலத் தெரியும். கூப்பன் வந்த அன்று ஒரேயடியாக 3,590 ரூபாய் சரிந்ததுபோலத் தெரியும். வட்டியைத் தனியே எடுத்துவிட்டால் மீதி விலை பெரும்பாலும் சந்தையின் வட்டி விகித மாற்றத்தையே காட்டும்.

உங்கள் கணக்கும் ஸ்டேட்மென்ட்டும் பொருந்தவில்லை என்றால், வித்தியாசத்தின் அளவே பெரும்பாலும் காரணத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். மேலே சொன்ன உதாரணத்தில் 2,493.06 என்று இருந்தால் ஒரு நாள் குறைந்திருக்கிறது. செட்டில்மென்ட் தேதிக்குப் பதிலாக ஆர்டர் போட்ட தேதி வரை எண்ணியிருக்கிறார்கள். 2,498.25 என்று இருந்தால் நாள்காட்டிப்படி 127 நாளை எண்ணி 365-ஆல் வகுத்திருக்கிறார்கள். அது அரசுக் கூப்பன் பத்திரத்துக்கான முறை அல்ல. 2,543.16 என்று இருந்தால் வட்டியை முகமதிப்பான ஒரு லட்சத்துக்குப் போடாமல், வாங்கிய விலையான 1,01,200-க்குப் போட்டிருக்கிறார்கள். வீட்டில் கணக்குப் போடுபவர்கள் அதிகம் செய்யும் தவறும் இந்தக் கடைசி ஒன்றுதான். பத்திரத்தை 90 ரூபாய்க்கு வாங்கினாலும் 110 ரூபாய்க்கு வாங்கினாலும் கூப்பன் முகமதிப்பின் மேல்தான் ஓடும்.

பெரிய தொகையாகப் போகக்கூடிய பிழை வேறு. ஏற்கெனவே வட்டி சேர்ந்த விலையின் மேல் வட்டியை இன்னொரு முறை சேர்ப்பது. நம் உதாரணத்தில் அப்படி நடந்தால் தொகை 1,06,226 ரூபாயாகிவிடும். விலை என்ற கட்டத்தில் இருக்கும் எண் எது என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும் என்று சொல்வது இதனால்தான். பங்குகள் கைமாறும் அதே சந்தைப் பிரிவில் பல கடன் பத்திரங்கள் வட்டியையும் சேர்த்த விலையிலேயே வியாபாரமாகி வந்திருக்கின்றன. அங்கே வாங்கினால் கான்ட்ராக்ட் நோட்டில் ஒரே விலை இருக்கும், வட்டிக்குத் தனி வரி இருக்காது. அப்போது நீங்களே அன்றைய வட்டியைக் கணக்கிட்டு விலையிலிருந்து கழித்தால்தான் உண்மையில் பத்திரத்துக்கு என்ன கொடுத்தீர்கள் என்பது தெரியும். நாட்பட்ட பத்திரம் ‘103 ரூபாய்க்கு ஓடுகிறது’ என்று கேட்டு விலை அதிகம் என்று விலகியவர்களும், கூப்பன் கைமாறிய மறுநாள் ‘விலை இறங்கிவிட்டது’ என்று அவசரமாக வாங்கியவர்களும் இந்தக் கழித்தலைச் செய்யாதவர்கள்தான்.

தனியார் நிறுவனங்களின் கடன் பத்திரங்களில் இரண்டு இடங்களில் கூடுதல் கவனம் தேவை. அங்கே மாதத்துக்கு 30 நாள் என்ற முறை கிடையாது. நாள்காட்டியில் உள்ள நாட்களை அப்படியே எண்ணுவார்கள். எந்த முறை என்பது வெளியீட்டு ஆவணத்தில் எழுதியிருக்கும்.

முதலாவது, அசலைத் தவணையாகத் திருப்பித் தரும் பத்திரங்கள். 1,000 ரூபாய் முகமதிப்பில் வெளியானது, 10 சதவீத வட்டி, இதுவரை கால்வாசி அசலைத் திருப்பிவிட்டார்கள் என்றால் இன்றைய முகமதிப்பு 750 ரூபாய்தான். நூறு பத்திரம் வாங்கினால் 75,000 ரூபாய்க்குத்தான் வட்டி சேரும். 20 நாளுக்கு 410.96 ரூபாய். பழைய முகமதிப்பையே வைத்துக் கணக்கிட்டால் 547.95 வரும். ஸ்டேட்மென்ட்டில் உள்ள முகமதிப்பு நிலுவை அசல்தானா, வெளியான போது இருந்ததா என்று கேட்டே ஆக வேண்டும். வட்டி வரியில் தவறு இருந்தால் அசல் வரியிலும் இருக்கும். அங்கே இழப்பு பல ஆயிரம்.

இரண்டாவது, ரெக்கார்டு டேட். பட்டியலிடப்பட்ட கடன் பத்திரங்களில் வட்டி தரும் நாளுக்கு 15 நாள் முன்பே, யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் அந்தத் தவணை என்று முடிவாகிவிடும். அதற்குப் பிறகு, கூப்பனுக்கு 10 நாள் இருக்கும்போது நீங்கள் வாங்கினால் அந்தத் தவணை முழுவதும் விற்றவருக்குப் போய்விடும். கடைசி 10 நாள் பத்திரம் உங்கள் கையில், வட்டியோ அவர் கையில். எனவே இந்த முறை அவர்தான் உங்களுக்குத் தர வேண்டும். மேலே சொன்ன 75,000 ரூபாய்க்கு அது 205.48 ரூபாய். ஸ்டேட்மென்ட்டில் வட்டி கழித்தல் குறியோடு இருக்க வேண்டும். டர்ட்டி பிரைஸ் கிளீன் பிரைஸைவிடக் குறைவாக இருக்க வேண்டும். கூட்டல் குறியோடு இருந்தால் பணம் கட்டுவதற்கு முன்பே நிறுத்திக் கேளுங்கள்.

ஒரு வரம்பையும் சொல்லிவிட வேண்டும். வட்டி வரியைக் காசு வரை சரிபார்க்கலாம். கிளீன் பிரைஸை அப்படிச் செய்ய முடியாது. இடையில் இருப்பவர் தனக்கென்று வைத்துக்கொள்ளும் லாபம் அந்த விலைக்குள்தான் உட்கார்ந்திருக்கும். முத்திரைத் தீர்வை கைமாறும் தனியார் கடன் பத்திரத்துக்கு 0.0001 சதவீதம், அதாவது லட்சத்துக்குப் பத்துக் காசு. அரசுப் பத்திரத்துக்கு அதுவும் இல்லை. ஆகவே ‘கட்டணம் எதுவும் இல்லை’ என்ற வாசகத்தைப் பார்த்து மகிழ்வதைவிட, அதே நாளில் அதே பத்திரம் வேறு எந்த விலையில் கைமாறியது என்று பார்ப்பது பயன் தரும். அரசுப் பத்திரங்களுக்கு ரிசர்வ் வங்கியின் என்டிஎஸ்-ஓஎம் தளத்தில் நடக்கும் வியாபாரத்தின் விலைகள் பொதுவில் கிடைக்கின்றன. ஒப்பிடும்போது இரண்டும் கிளீன் பிரைஸாக இருக்க வேண்டும். ஒன்று வட்டி சேர்ந்தது, மற்றது சேராதது என்றால் அந்த ஒப்பீட்டுக்குப் பொருளே இல்லை.

கடைசியாக, ஸ்டேட்மென்ட்டை எடுத்து வைக்கும்போது இரண்டு எண்களையும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் 14 அன்று 3,590 ரூபாய் வரும்போது அதில் 2,513 நீங்கள் முன்பே கொடுத்தது திரும்பி வருவது. மீதி 54 நாளுக்கான 1,077 ரூபாய்தான் உங்கள் சம்பாத்தியம். வரி விஷயத்தில் இது நீண்ட காலம் நீதிமன்றங்களில் இழுபட்டது. வங்கிகள் விற்பனைச் சரக்காக வைத்திருக்கும் பத்திரங்களுக்கு, வாங்கும்போது கொடுத்த இந்த வட்டியைச் செலவாகக் கழித்துக்கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில் தீர்ப்பளித்தது. அது வங்கிகளின் நிலை. தனிநபர் முதலீட்டாளருக்கு அப்படியே பொருந்திவிடாது. கணக்கு தாக்கல் செய்யும்போது ஆடிட்டர் கேட்கும் முதல் கேள்வியும் அதுதான்: மொத்தத் தொகையில் விலை எவ்வளவு, வட்டி எவ்வளவு?