கம்ப்யூட்டரில் தேதி தவறினால் இணையதளம் ஏன் திறப்பதில்லை?

வத்தலக்குண்டில் ஒரு பிரவுசிங் சென்டர். கொடைக்கானல் போக இ-பாஸ் எடுக்க உட்காருகிறீர்கள். திரையில் சிவப்பு எச்சரிக்கை, கீழே `NET::ERR_CERT_DATE_INVALID`. உங்கள் செல்போனில் அதே தளம் நன்றாகத் திறக்கிறது. அப்படியானால் கோளாறு எங்கே?

திரையின் வலது மூலையைப் பாருங்கள். தேதி 2015 ஜனவரி 1 என்று இருக்கிறதா? அதுதான் காரணம்.

ஒவ்வொரு பாதுகாப்பான தளமும் ஒரு சான்றிதழ் வைத்திருக்கிறது. எந்த நாள் முதல் எந்த நாள் வரை அது செல்லும் என்பது அதிலேயே எழுதப்பட்டிருக்கும். சிலவற்றுக்கு ஆயுள் 90 நாள்தான்.

உங்கள் இ-பாஸும் அப்படித்தான். சோதனைச்சாவடிக்காரர் பழைய காலண்டரைப் பார்த்தால், சரியான பாஸைக் காட்டினாலும் "இதற்கு இன்னும் நாள் வரவில்லை" என்று திருப்பி அனுப்பிவிடுவார். பிரவுசரும் சான்றிதழை உங்கள் கம்ப்யூட்டரின் தேதியோடுதான் ஒப்பிடுகிறது.

தேதி ஏன் பின்னால் போனது? மின்சாரம் இல்லாதபோது கடிகாரத்தை ஓடவைப்பது மதர்போர்டில் உள்ள காசு அளவு பேட்டரி. பெரும்பாலும் CR2032. அது தீர்ந்தால், மின்சாரம் நிற்கும்போதெல்லாம் தேதி பழைய நாளுக்குப் போய்விடும்.

முதலில் தேதியையும் ஆண்டையும் திருத்துங்கள். மறுநாளும் மாறியிருந்தால் பேட்டரியை மாற்றுங்கள். தேதி சரியாக இருந்தும் ஒரே ஒரு தளம் மட்டும் மறுத்தால், கோளாறு அந்தத் தளத்தில் இருக்கலாம். எச்சரிக்கையைத் தாண்டி உள்ளே போய் ஆதார் எண்ணையோ பாஸ்வேர்டையோ தராதீர்கள்.