அண்ணாச்சி பெயரை எந்த வரியில் எழுதுவது?

தாராவியில் வசிக்கும் பி.காம். பட்டதாரி இளைஞர் ஒருவர், அந்தேரியில் உள்ள சரக்குப் போக்குவரத்து நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவு உதவியாளர் வேலைக்கு அண்மையில் விண்ணப்பித்தார். அவருக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கும் திருநெல்வேலிக்காரர் ஒருவர் அதே நிறுவனத்தின் பில்லிங் பிரிவில் ஆறு ஆண்டுகளாக வேலை பார்க்கிறார். காலியிடம் இருப்பதைச் சொன்னவரும் அவர்தான். மின்னஞ்சலை அனுப்புவதற்கு முன் இளைஞர் அதை அவரிடம் காட்டினார். அதன் தொடக்கம் இப்படி இருந்தது:

"உங்கள் நிறுவனத்தில் பல ஆண்டுகளாகப் பணிபுரியும் திரு. இன்னார் எனக்கு மிகவும் வேண்டியவர். அவர் என்னைச் சிபாரிசு செய்திருக்கிறார். ஆகவே என்னை நேர்முகத்திற்கு அழைத்து இந்த வேலையை அளிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்."

படித்தவர் செல்போனைத் திருப்பிக் கொடுத்தார். "தம்பி, இதை அனுப்பினா உனக்கு வேலை கிடைக்குதோ இல்லையோ, எனக்குக் கெட்ட பேரு கிடைச்சிரும்" என்றார்.

"ஏன் அண்ணாச்சி, நீங்கதானே சொன்னீங்க?"

"இடம் காலின்னு சொன்னேன். வேலை தரச் சொல்லி நான் யார்கிட்டப் போய் நின்னேன்?"

"ஆகவே" செய்த கோளாறு

அந்த மூன்று வரிகளில் மரியாதைக் குறைவான சொல் ஒன்றுமில்லை. கோளாறு "ஆகவே" என்ற சொல்லில் இருக்கிறது. தெரிந்தவர் உள்ளே இருக்கிறார், ஆகவே வேலை கொடுங்கள் என்று அது பொருள்படுகிறது. விண்ணப்பதாரருக்கு என்ன தெரியும் என்பதற்கு அங்கே ஒரு வார்த்தையும் இல்லை. "மிகவும் வேண்டியவர்" என்பதும் எதையும் விளக்கவில்லை. உறவா, நட்பா, சேர்ந்து வேலை பார்த்தவரா என்ற கேள்வியைத்தான் அது எழுப்புகிறது.

இருவரும் உட்கார்ந்து அதைத் திருத்தினார்கள். ஆங்கிலத்தில் போன அந்த மின்னஞ்சலின் தொடக்கம், தமிழில் இது:

"கணக்குப் பிரிவு உதவியாளர் பணிக்கு விண்ணப்பிக்கிறேன். இந்தக் காலியிடம் பற்றி உங்கள் பில்லிங் பிரிவில் பணிபுரியும் திரு. இன்னார் எனக்குத் தெரிவித்தார். நான்கு ஆண்டுகளாக அவர் எனக்கு அண்டை வீட்டுக்காரர். சயானில் ஒரு வரி ஆலோசகர் அலுவலகத்தில் 18 மாதங்களாக டாலியில் பில் பதிவு செய்வதும், மாதந்தோறும் ஜி.எஸ்.டி. விவரங்களைத் தொகுத்துக் கொடுப்பதும் என் வேலை."

முதல் வரியில் எந்த வேலை என்பது இருக்கிறது. அடுத்து வருபவை தெரிவித்தவரின் பெயர், பிரிவு, பழக்கம். உடனே சொந்தத் தகுதி தொடங்கிவிடுகிறது. அதன் பிறகு அவர் பெயர் கடிதத்தில் எங்கும் வரவில்லை. மின்னஞ்சலின் தலைப்பு வரியிலும் வேலையின் பெயரும் விண்ணப்பதாரர் பெயரும் மட்டுமே இருந்தன.

"தெரிவித்தார்", "பரிந்துரைத்தார்" இரண்டும் ஒன்றல்ல. அலுவலகத்தில் உங்கள் பெயரைக் கொடுக்க அவர் சம்மதித்து, கொடுத்தும் விட்டால் மட்டுமே "பரிந்துரைத்தார்" என்று எழுதலாம். எப்படியானாலும், அவர் பெயரை எழுதலாமா என்று முதலில் கேட்டுக்கொள்வது அவசியம். மனிதவளப் பிரிவினர் அவரை அழைத்து, "இவரை எப்படித் தெரியும்?" என்று விசாரிக்கக்கூடும். இரண்டு பேர் பதிலும் ஒத்துப்போகாவிட்டால் இருவருக்கும் சங்கடம்.

முதலில் யார்?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பல நிறுவனங்களில் பரிந்துரைக்கென்று தனி இணையப் பக்கம் உண்டு. ஊழியர் அதில் பெயரைப் பதிவு செய்த பிறகு விண்ணப்பம் போனால்தான் அது பரிந்துரையாகக் கணக்கில் சேரும். அவசரப்பட்டு முந்திக்கொண்டால் சாதாரண விண்ணப்பமாகவே நின்றுவிடலாம். ஆகையால் வழக்கம் என்ன என்று அவரிடமே கேட்டு, அவர் பதிவு செய்யும்வரை பொறுப்பது நல்லது.

ரயில்வே, வங்கி, அரசுத் தேர்வுகளுக்கு இந்த வழி பொருந்தாது. எந்த வகையில் சிபாரிசு தேடினாலும் தகுதி நீக்கம் என்று அவற்றின் அறிவிப்புகளிலேயே அச்சிடுவது வழக்கம். அங்கே தெரிந்தவர் பெயரை எழுதினால் இருக்கும் வாய்ப்பும் போகும்.

தாராவி இளைஞர் பொறுத்திருந்தார். அண்ணாச்சி திங்கட்கிழமை பெயரைப் பதிவு செய்தார். மறுநாள் மின்னஞ்சல் போனது. இரண்டு வாரத்தில் நேர்முகத்திற்கு அழைப்பு வந்தது. "இவரை எப்படித் தெரியும்?" என்று அங்கே கேட்டார்கள். "பக்கத்து வீட்டுக்காரர்" என்றார். அண்ணாச்சி சொல்லியிருந்ததும் அதுவே.

அதற்கு மேல் அவர் பெயர் பேச்சில் வரவில்லை. கணினியில் டாலியைத் திறந்து வைத்து, ஒரு பில்லைப் பதிவு செய்து காட்டச் சொன்னார்கள்.